'அ' எப்படி மூன்று பைட் ஆகிறது? ஒரே ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்

`à®¤à®®à®¿à®´à¯`

இந்த மாதிரி ஒரு வரியை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். ஸ்ப்ரெட்ஷீட்டில் திறந்த சிஎஸ்வி ஃபைல், பழைய வலைப்பூ, அலுவலக மெயிலின் சப்ஜெக்ட் லைன் என்று எங்கே வேண்டுமானாலும் இது வந்து நிற்கும். 'ஃபான்ட் இல்லை போல' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால் இது ஃபான்ட் பிரச்னையே இல்லை. மேலே இருப்பது 'தமிழ்' என்ற சொல்தான். ஒரு பைட்கூட மாறவில்லை, படித்த விதம்தான் மாறிப்போச்சு.

ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? கெட்டுப்போன தமிழ் எப்போது வந்தாலும் `à®` அல்லது `à¯` என்றுதான் திரும்பத் திரும்ப வரும். இந்தி கெட்டால் `à¤`, `à¥` என்று வரும். இது தற்செயல் இல்லை. ஓர் எழுத்தின் எண் பைட்டுகளாக மாறும் கணக்கை ஒருமுறை கையால் போட்டால் காரணம் தானாகத் தெரிந்துவிடும். தமிழில் ஆப், வெப்சைட், தரவு என்று எதைத் தொடுகிறவராக இருந்தாலும் இந்தக் கணக்கை ஒரு தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. லைப்ரரி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, தினசரி வேலைக்கு அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆனால் ஏதாவது உடையும்போது எங்கே உடைந்தது என்று லைப்ரரி சொல்லாது.

எண் வேறு, பைட் வேறு

யூனிகோடு ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. அதற்குக் கோட் பாயின்ட் என்று பெயர். 'அ'வின் எண் U+0B85. இது ஹெக்ஸ் கணக்கு, நம் வழக்கமான கணக்கில் 2949. யூனிகோடு கொடுப்பது இந்த எண் மட்டும்தான். அதை ஃபைலில் எப்படி எழுதி வைப்பது என்பது தனி விஷயம்.

ஒரு பைட்டில் எட்டு பிட்தான் இருக்கும், அதில் 255 வரைதான் எழுத முடியும். 2949 அதற்குள் அடங்காது. அதனால் எண்ணைத் துண்டு போட்டுப் பல பைட்டுகளில் வைக்க வேண்டும். எப்படித் துண்டு போடுவது என்பதற்கான விதிதான் யுடிஎஃப்-8. கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து, தட்டுக்கு அடியில் போடும் காகித விரிப்பில் இதை வரைந்தார்கள் என்பது பைக் பிற்பாடு சொன்ன கதை. ஒரு காகித விரிப்பில் அடங்கக்கூடிய விதி என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விதி இதுதான். எண் 7F-க்குள் இருந்தால் (ஆங்கில எழுத்துகள் எல்லாம் இதற்குள்தான்) அப்படியே ஒரே பைட். 7FF வரை இரண்டு பைட். FFFF வரை மூன்று. அதற்கு மேல் 10FFFF வரை நான்கு. 'அ' 0B85, அதாவது 7FF-ஐத் தாண்டிவிட்டது. எனவே மூன்று பைட். அதற்கான அச்சு இப்படி இருக்கும்:

```
1110xxxx 10xxxxxx 10xxxxxx
```

முதல் பைட்டின் தொடக்கத்தில் மூன்று 1. 'நான் மூன்று பைட் குடும்பத்தின் தலைவன்' என்று அது சொல்கிறது. பின்னால் வரும் இரண்டும் 10 என்று ஆரம்பிக்கும். 'நான் தொடர்ச்சி, என்னை வைத்து எழுத்தை ஆரம்பிக்காதே' என்று அர்த்தம். மீதியுள்ள x-கள் காலி இடங்கள்: 4, 6, 6 என மொத்தம் பதினாறு. நம் எண்ணின் பிட்டுகள் இங்கேதான் போய் உட்கார வேண்டும்.

கையால் போடுவோம்

0B85-ஐ இரும எண்ணாக எழுதுவது சுலபம். ஹெக்ஸில் ஓர் இலக்கம் என்றால் நான்கு பிட்:

```
0    B    8    5
0000 1011 1000 0101
```

இதையே 4, 6, 6 என்று பிரித்து எழுதினால்:

```
0000 101110 000101
```

இனி இந்த மூன்று துண்டுகளையும் தனித்தனியாகக் கழற்றி எடுக்க வேண்டும். இதற்குத் தேவை இரண்டே கருவிகள். ஒன்று ஷிஃப்ட். `>> 6` என்றால் எல்லாப் பிட்டுகளும் வலப்பக்கம் ஆறு இடம் நகரும், கடைசி ஆறும் கீழே விழுந்துவிடும். இன்னொன்று மாஸ்க். `& 0x3F` என்றால் கடைசி ஆறு பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு மேலே உள்ளதையெல்லாம் பூஜ்யம் ஆக்கிவிடும். 3F என்பது இரும எண்ணில் 111111, ஆறு 1. ஜன்னல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்களேன்: 1 இருக்கும் இடத்தில் வெளிச்சம் வரும், 0 இருக்கும் இடம் மூடியிருக்கும். கடைசியில் அச்சின் தலையெழுத்தை ஒட்ட `|` போதும்.

முதல் துண்டு: `0x0B85 >> 12`. பன்னிரண்டு இடம் நகர்த்தினால் மிஞ்சுவது 0000. அதோடு E0-வை (1110 0000) ஒட்டினால் E0.

இரண்டாவது: `0x0B85 >> 6` போட்டால் 101110. மாஸ்க் போட்டாலும் அதே 101110. அதோடு 80-ஐ (1000 0000) ஒட்டினால் 1010 1110, அதாவது AE.

மூன்றாவது: ஷிஃப்ட் தேவையில்லை. `0x0B85 & 0x3F` போட்டால் 000101. அதோடு 80 சேர்த்தால் 1000 0101, அதாவது 85.

ஆக 'அ' என்பது E0 AE 85. அவ்வளவுதான், முடிந்தது.

இப்போது `à®`-க்கு வருவோம். பழைய விண்டோஸ்-1252 அட்டவணையில் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. அதில் E0 என்றால் à, AE என்றால் ®, 85 என்றால் மூன்று புள்ளி. ஒரு மென்பொருள் நம் ஃபைலை யுடிஎஃப்-8 என்று தெரியாமல் இந்த அட்டவணையை வைத்துப் படித்தால் 'அ' இருந்த இடத்தில் `à®…` வரும். தமிழ் எழுத்துகளுக்கான பகுதி U+0B80-ல் தொடங்கி U+0BFF-ல் முடிகிறது. எல்லாமே 0 என்ற இலக்கத்தில் தொடங்குவதால் முதல் பைட் எப்போதும் E0. நடு பைட்டுக்கு வாய்ப்பு இரண்டுதான்: 0B80 முதல் 0BBF வரை AE, 0BC0 முதல் 0BFF வரை AF. அதனால்தான் ஒன்று `à®`, இல்லையென்றால் `à¯`. மூன்றாவது வாய்ப்பே கிடையாது.

இந்தப் பிரிவு எங்கே விழுகிறது என்று பாருங்கள். இகரத்தின் கொக்கி 'ி' 0BBF. ஈகாரத்தின் கொக்கி 'ீ' 0BC0. அடுத்தடுத்த எண்கள்தான், ஆனால் ஒன்று E0 AE BF, அடுத்தது E0 AF 80. கி-யிலிருந்து கீ-க்குப் போகும்போது கடைசி பைட்டின் ஆறு பிட்டும் நிரம்பிவிடுகின்றன. ஸ்கூட்டர் மீட்டரில் 99 முடிந்து 00 வரும்போது பக்கத்து இலக்கம் ஒன்று ஏறுமே, அதே கதை.

'பாரதி' பாஸ், 'குமார்' ஃபெயில்

முழு நிரலும் இவ்வளவுதான்:

```python
def utf8(c):
    if c < 0x80:
        return [c]
    if c < 0x800:
        return [0xC0 | (c >> 6),
                0x80 | (c & 0x3F)]
    if c < 0x10000:
        return [0xE0 | (c >> 12),
                0x80 | ((c >> 6) & 0x3F),
                0x80 | (c & 0x3F)]
    return [0xF0 | (c >> 18),
            0x80 | ((c >> 12) & 0x3F),
            0x80 | ((c >> 6) & 0x3F),
            0x80 | (c & 0x3F)]
```

இதையே சி மொழியில் எழுதும்போது கடைசி பைட்டின் `& 0x3F`-ஐ யாரோ விட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். என்ன ஆகும்? எல்லாம் உடையும் என்று தோன்றும். உடையாது, இதுதான் ஆபத்து.

சி-யில் ஒரு பைட் அளவுள்ள இடத்தில் பெரிய எண்ணைப் போட்டால் கடைசி எட்டு பிட் மட்டும் தங்கும், மற்றது சத்தமில்லாமல் போய்விடும். 'அ'வுக்கு மாஸ்க் இல்லாமல் `0x0B85 | 0x80` போட்டால் வருவது 0B85, பைட்டில் தங்குவது 85. சரியான விடை! காரணம், 85-ன் மேலிரண்டு பிட் ஏற்கெனவே 10 என்றுதான் இருக்கின்றன. இதே அதிர்ஷ்டம் 0B80 முதல் 0BBF வரை எல்லா எழுத்துக்கும் உண்டு. உயிரெழுத்துகள், மெய்வரிசையின் அகர எழுத்துகள், துணைக்கால், இகரக் கொக்கி எல்லாம் இந்தப் பாதியில் இருக்கின்றன. 'ீ' வந்ததும் கதை மாறுகிறது. 0BC0-வின் கடைசி பைட் C0, அதாவது 11 என்று ஆரம்பிக்கிறது. வர வேண்டியது 80.

அதனால் 'பாரதி' என்று டெஸ்ட் செய்தால் அந்தத் தப்பு நிரல் அழகாகப் பாஸ் ஆகும். ப, ா, ர, த, ி ஐந்துமே முதல் பாதி. 'குமார்' என்று போட்டால் உகரக் குறியிலேயே (0BC1) விழும், கடைசிப் புள்ளியில் (0BCD) இன்னொரு தடவை விழும். புள்ளிக்கு 8D வர வேண்டிய இடத்தில் CD வரும். CD என்பது இரண்டு பைட் குடும்பத்தின் தலைவன். படிக்கிற மென்பொருள் 'இங்கே தொடர்ச்சி வர வேண்டுமே, புதுத் தலைவன் எப்படி வந்தான்?' என்று குழம்பி � போடும். பைத்தானில் இந்த அளவுக்கு ஒளிந்துகொள்ள முடியாது. 0B85-ஐ `bytes()`-க்குள் போட்டாலே 255-க்குள்தான் இருக்கணும் என்று அங்கேயே எரர் அடித்துவிடும்.

மூன்று பைட், நான்கு பைட் இரண்டு கிளைகளிலும் கடைசிக்கு முந்தைய பைட்டின் மாஸ்க்கை விட்டுவிட்டால் இன்னும் மோசம். தமிழின் அடிப்படைப் பகுதியில் ஓர் எழுத்திலும் அந்தத் தப்பு தெரியாது. மேலே கணக்கு போடும்போது பார்த்தோமே, `>> 6` செய்த பிறகு எண் ஏற்கெனவே ஆறு பிட்டுக்குள்தான் இருந்தது. ரூபாய்க் குறி ₹ (U+20B9) போட்டாலும் E2 82 B9 என்று சரியாகவே வரும். அதைப் பிடிக்க வேறோர் இடத்துக்குப் போக வேண்டும். நல்லவேளை, அதற்கும் தமிழே உதவுகிறது.

முந்திரிக்கு நான்கு பைட்

2019-ல் வந்த யூனிகோடு 12-வது பதிப்பில் தமிழுக்கு ஒரு துணைப் பகுதி சேர்ந்தது. பழைய ஆவணங்களில் வரும் பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் அதில் இருக்கின்றன. முதலாவது U+11FC0, 320-ல் ஒரு பங்கு, அதாவது நம் 'முந்திரி'. பெரும்பாலான போன்களில் இதைக் காட்ட ஃபான்ட் இல்லை, கட்டம்தான் வரும். (இது உண்மையிலேயே ஃபான்ட் பிரச்னை!) ஆனால் நிரலைச் சோதிக்க ஃபான்ட் எதற்கு?

எண் FFFF-ஐத் தாண்டிவிட்டதால் நான்கு பைட். `>> 18` போட்டால் 0, எனவே முதல் பைட் F0. `>> 12` போட்டால் 11, அதோடு 80 சேர்ந்து 91. `>> 6` போட்டால் 47F. இங்கேதான் மாஸ்க் உண்மையில் வேலை செய்கிறது: 47F-ல் கடைசி ஆறு பிட் 3F, அதோடு 80 சேர்ந்தால் BF. கடைசி C0-வில் ஆறு பிட்டும் 0, எனவே 80. மொத்தம் F0 91 BF 80. மாஸ்க் இல்லையென்றால் மூன்றாவது பைட் FF ஆகியிருக்கும். யுடிஎஃப்-8-ல் FF என்ற பைட் எங்கேயும் வரவே கூடாது, ஆகவே உடனே மாட்டிக்கொள்ளும்.

தமிழ் மென்பொருள் சோதிக்கிறவர்கள் 'அம்மா', 'வணக்கம்' என்று போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது என்பேன். ஒரு 'அ', ஒரு 'ீ', ஒரு முந்திரி. இந்த மூன்றையும் போட்டால் மேலே சொன்ன இரண்டு ஓட்டைகளும் தெரிந்துவிடும்.

மேலே உள்ள நிரலில் நான் வேண்டுமென்றே விட்ட ஒரு விஷயமும் இருக்கிறது. D800 முதல் DFFF வரையிலான எண்கள் எழுத்துகள் இல்லை. பெரிய எண்களை இரண்டாக உடைத்து எழுதும் யுடிஎஃப்-16 முறைக்காக ஒதுக்கியவை. இவற்றை யுடிஎஃப்-8 ஆக்கக் கூடாது, 10FFFF-க்கு மேல் போகவும் கூடாது. நிஜ வேலையில் இந்த இரண்டுக்கும் ஒரு `if` போட்டு எரர் காட்டிவிடுங்கள். ஜாவாஸ்க்ரிப்டில் `charCodeAt` கொடுப்பது இந்த உடைந்த துண்டுகளைத்தான், அதனால் `codePointAt` பயன்படுத்த வேண்டும்.

தமிழுக்கு மூன்று மடங்கு வரியா?

ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், நமக்கு மூன்று. இது அநியாயம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. 'கி' என்று எழுதினால் க மூன்று, ி மூன்று, ஆக ஆறு பைட். அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அதைத் தப்பான இடத்தில் காட்டுகிறோம் என்று நினைக்கிறேன். ஒரு பைட்டில் தமிழ் எழுதிய காலம் ஒன்று இருந்தது. அப்போது ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு ஃபான்ட் இறக்க வேண்டியிருந்தது, ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் ஒட்டினால் குப்பையாக வரும். அந்தக் காலத்துக்கு யார் திரும்பப் போவார்கள்? தவிர, E0 AE, E0 AF என்று திரும்பத் திரும்ப வரும் பைட்டுகள் நன்றாகச் சுருங்கக்கூடியவை. ஜிஸிப் மாதிரிச் சுருக்கம் போட்டு அனுப்பும் வலைப்பக்கத்தில் இந்த மூன்று மடங்கு பெரிதாக உறைக்காது.

உறைக்கும் இடம் வேறு. லினக்ஸில் பரவலாக இருக்கும் எக்ஸ்ட்4 ஃபைல் அமைப்பில் ஒரு ஃபைலின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் 85 கோட் பாயின்ட்தான், அதிலும் புள்ளி, கொக்கி எல்லாம் தனித்தனிக் கணக்கு. ஒரு முழுநீளச் செய்தித் தலைப்பையே ஃபைல் பெயராக வைத்துச் சேமிக்கப் போனால் 'பெயர் நீளம்' என்று அடம்பிடிப்பது இதனால்தான். படிவங்களில் 'பெயர்: அதிகபட்சம் 30' என்று பைட்டில் அளந்து வைக்கிறவர்கள் தமிழில் பெயர் எழுதுகிறவருக்குப் பத்துக் குறிதான் கொடுக்கிறார்கள். யுடிஎஃப்-8 மேல் குற்றமில்லை, பைட்டை எழுத்து என்று நினைத்து அளந்தவர் மேல்தான்.

எங்களை மாதிரி டிஜிட்டல் டெஸ்க்காரர்களுக்கு இது தினமும் தலைவலி. நோட்டிஃபிகேஷன் தலைப்பு இத்தனை பைட்டுக்குள் இருக்கணும் என்று ஒரு கருவி கண்ணை மூடிக்கொண்டு வெட்டும், கடைசியில் ஒரு � தொங்கும். 'தமிழ்' என்பது 15 பைட். அதைப் பத்தில் வெட்டினால் த, ம, ி மூன்றும் முழுசாக வரும், அடுத்து 'ழ'வின் E0 மட்டும் தனியாக நிற்கும். அதுதான் அந்த �. இதைத் தடுக்கவும் ஒரு மாஸ்க் போதும். வெட்டும் இடம் தலைப்பின் நீளத்துக்குள் இருக்கும்போது:

```python
while (data[n] & 0xC0) == 0x80:
    n -= 1
```

C0 என்பது 1100 0000, மேலிரண்டு பிட்டுக்கு மட்டும் ஜன்னல். வெட்டப் போகும் இடத்தில் இருக்கும் பைட்டில் அந்த இரண்டும் 10 என்றால் அது தொடர்ச்சி, இன்னும் ஒரு படி பின்னால் போ. பத்தாவது இடத்தில் இருப்பது AE, தொடர்ச்சி. ஒன்பதில் இருப்பது E0, தலைவன். அங்கே வெட்டினால் 'தமி' சுத்தமாக வரும். ஃபைலின் எந்த மூலையில் போய் விழுந்தாலும் அதிகபட்சம் மூன்று படி பின்னால் வந்தால் எழுத்தின் தொடக்கம் கிடைத்துவிடும். மூன்று பைட் கொடுத்து நாம் வாங்கியது இந்த வசதியைத்தான்.

ஆனால் இந்த மாஸ்க்குக்கும் ஓர் எல்லை உண்டு. பன்னிரண்டாவது பைட்டில் வெட்டுங்கள். அங்கே இருப்பது புள்ளியின் E0, தலைவன்தான், எனவே நிரல் அங்கேயே நின்றுவிடும். பைட் எதுவும் உடையவில்லை, � வரவில்லை, எந்த எரரும் இல்லை. திரையில் மட்டும் 'தமிழ' என்று நிற்கும். புள்ளி முந்தைய எழுத்தோடு ஒட்டியது என்பது பிட் கணக்குக்குத் தெரியாது. அதற்கு எழுத்துக் கூட்டைப் பார்த்து வெட்டும் யூனிகோடு விதிகள் தனியாக இருக்கின்றன, அங்கே ஷிஃப்ட்டும் மாஸ்க்கும் மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது.